குடிநீர்த் திட்டம் முடித்த தலைவருக்கு வாழ்த்துரை: யார் யார் வேலையைச் சொல்வது?

உசிலைச்சீமை:
எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்குத் தெற்கே, சேடப்பட்டி பக்கம் எங்கள் ஊராட்சி. ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் போடும் வேலை முடிந்து, மேட்டுத் தெருவின் கடைசி வீடு வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. 2024 காந்தி ஜெயந்தி கிராம சபையில் ஊராட்சித் தலைவர் அக்காவுக்கு ஊர் சார்பில் வாழ்த்துரை வாசிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து வந்தவர். 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிகிறது. அதனால் இந்த வாழ்த்தை நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்று ஆசை.

"அயராது உழைத்த", "பொற்கரங்களால்" என்று பிளக்ஸில் போடுகிற மாதிரி எழுத எனக்கு மனமில்லை. பள்ளம் தோண்டியவர், குழாய் ஒட்டியவர், டேங்க் ஆபரேட்டர், தண்ணீரைச் சோதித்துப் பார்த்த குழுப் பெண்கள் என்று ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்பது சபையில் காதில் விழ வேண்டும். பெயர்களைச் சபையில் வாசிக்கப் போகிறேன். அவர்களைக் கேட்காமல் இங்கே எழுதவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எதைச் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று உதவுங்கள்.

கல்லுப்பட்டி_ராசா:
வாழ்த்துகள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பணம் மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி போட்டது. டெண்டர், ஒப்பந்தம் எல்லாம் மேலே முடிந்தது. ஊர்ப் பங்கும் மக்கள் கொடுத்தது. இதில் தலைவர் செய்தது என்ன? எங்கள் ஊரில் கையெழுத்துப் போட்டதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. அதற்கும் மாலை போட்டார்கள்.

உசிலைச்சீமை:
நியாயமான கேள்வி அண்ணே. எங்கள் அக்கா செய்தது கையெழுத்துப் போடாமல் இருந்தது.

குழாய் எல்லாம் போட்டு முடித்து முதல் நாள் திறந்து விட்டபோது கீழத் தெருவில் பீய்ச்சி அடித்தது. மேட்டுத் தெருவில் நூல் மாதிரி ஒழுகியது. "இணைப்பு கொடுத்தாயிற்று, போட்டோ எடுத்தாயிற்று, எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வருகிறது என்று கிராம சபைத் தீர்மானம் போட்டுக் கொடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கேட்டார்கள். கடைசி வீட்டில் குடம் நிறையட்டும், அப்புறம் தீர்மானம் என்று அக்கா சொல்லிவிட்டார். மேட்டுத் தெருவில் பாதிப் பேர் அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள். அதையும் ஊர் அறியும்.

வாடிப்பட்டி_மணி:
மேட்டுத் தெருவுக்கு ஏறவில்லை என்றால் மோட்டார் பத்தாது. எத்தனை எச்.பி. போட்டார்கள்? ஏழரையை எடுத்துவிட்டுப் பத்து எச்.பி. போட்டிருந்தால் முதல் நாளே ஏறியிருக்கும். தெரு உயரமாக இருந்தால் அழுத்தம் வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

பழைய_பிட்டர்:
தம்பி மணி, அழுத்தம் வேண்டும் என்பது சரி. ஆனால் அது மோட்டாரிலிருந்து வராது. மோட்டார் தண்ணீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றுவதோடு சரி. அப்புறம் தொட்டியிலிருந்து தெருவுக்குத் தண்ணீர் தானாக இறங்குகிறது. பத்து எச்.பி. போட்டால் தொட்டி சீக்கிரம் நிறையும், தெருவில் ஒரு சொட்டு அதிகம் வராது. தெருவுக்குக் கிடைக்கிற அழுத்தம் தொட்டித் தண்ணீர் குழாயை விட எத்தனை மீட்டர் மேலே நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ.

நான் குடிநீர் வேலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். உசிலைச்சீமை, உங்கள் தொட்டி எவ்வளவு உயரம், மேட்டுத் தெரு எவ்வளவு மேடு, கடைசியில் எப்படிச் சரி செய்தீர்கள் என்று சொல்லுங்கள். வாழ்த்துரைக்கு வேண்டிய விஷயம் அதில்தான் இருக்கும்.

உசிலைச்சீமை:
சொல்கிறேன் ஐயா. 30,000 லிட்டர் தொட்டி. தொட்டியின் அடிமட்டம் தரையிலிருந்து 12 மீட்டர். மேட்டுத் தெரு எவ்வளவு மேடு என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒருவர் பத்தடி என்றார், ஒருவர் இருபதடி என்றார். கடைசியில் எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவர், ஒப்பந்தத்தில் வேலை செய்தவர் கூட இல்லை, வீடு கட்டும்போது மட்டம் பார்க்கிற டியூபை எடுத்து வந்தார். கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீரை நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்று கூட இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றிவிட்டு, ஒரு முனையைத் தொட்டிக் காலில் பிடித்தார். இன்னொரு முனையை அவர் பையன் பிடித்துக்கொண்டு தெருவில் நகர்ந்தான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் இல்லையா? தரையிலிருந்து அந்த மட்டம் எவ்வளவு என்று டேப்பில் அளந்து சுவரில் கரியால் கோடு. அப்புறம் அங்கிருந்து அடுத்த துண்டு. வெயில் ஏறுவதற்குள் கணக்கு வந்துவிட்டது. கடைசி வீடு தொட்டிக் காலை விட நாலரை மீட்டர் மேடு. சம்பளம் கேட்கவில்லை, டீ மட்டும் குடித்தார்.

பழைய_பிட்டர்:
அருமை. அப்படியானால் தொட்டி அடிமட்டத்தில் தண்ணீர் இருந்தாலே கடைசி வீட்டுக்கு ஏழரை மீட்டர் மிச்சம் இருக்கிறது. ஒரு தட்டு வீட்டுக்கு ஏழு மீட்டர் போதும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுவோம். உயரம் குற்றமில்லை என்று அந்த டியூபே காட்டிவிட்டது. ஆனால் இது தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. கீழே எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் திறந்தால் குழாய்க்குள் ஓட்டம் வேகமாகும், உராய்வில் அழுத்தம் கரைந்துபோகும், மேட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. இதைச் சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு, செய்தார்களா?

உசிலைச்சீமை:
செய்தார்கள் ஐயா, எங்கள் டேங்க் ஆபரேட்டரும் ஒப்பந்தப் பிட்டரும். கீழத் தெரு திறந்திருந்தபோது கடைசி வீட்டில் ஒரு குடம் நிறைய 11 நிமிடம் ஆனது. ஆபரேட்டர் வீடு வீடாகப் போய்க் கீழத் தெருக் குழாய்களை அடைக்கச் சொன்னார். சில வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். எல்லாம் அடைத்த பிறகு அதே குடம் இரண்டு நிமிடத்தில் நிறைந்தது. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கைபேசியில் நேரம் பார்த்தோம்.

அதன் பிறகுதான் கீழத் தெருவும் மேட்டுத் தெருவும் பிரிகிற முக்கில் பள்ளம் தோண்டி, தெருவுக்கு ஒன்றாக இரண்டு கேட் வால்வு வைத்தார்கள். அக்கா ஊராட்சிப் பொது நிதியிலிருந்து அதற்குத் தீர்மானம் போட்டார். மேட்டுத் தெரு ஏறி இறங்குகிற இடத்தில் காற்று அடைத்துக்கொள்கிறது என்று பிட்டர் காதை வைத்துக் கேட்டே சொன்னார். அங்கே ஒரு ஏர் வால்வும் போட்டார்கள். இப்போது காலையில் தொட்டி நிறைந்திருக்கும்போது முதலில் மேட்டுத் தெருவுக்கு மட்டும் ஒரு மணி நேரம். அது முடிந்துதான் கீழத் தெரு.

வாடிப்பட்டி_மணி:
சரி ஐயா, புரிகிறது. ஆனால் எங்கள் ஊரில் பெரிய மோட்டார் மாற்றிய பிறகு தண்ணீர் நன்றாக வந்ததே, அது எப்படி?

பழைய_பிட்டர்:
முன்னே தொட்டி நிறையாமலே திறந்து விட்டிருப்பார்கள் தம்பி. நிறைந்த தொட்டிக்கும் கால் தொட்டிக்கும் இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசம் இருக்கும். அந்த வகையில் மோட்டார் உதவியிருக்கும். கரெண்டு குறைவாக வருகிற ஊர்களில் இது நடக்கும்.

மேலூர்_வாசி:
எங்கள் பகுதியில் வீட்டு இணைப்புக்கு டெபாசிட் கட்டி ஏழு மாதமாகிறது. இன்னும் குழாய் வரவில்லை. யாரிடம் மனுக் கொடுப்பது? இங்கே யாராவது அதிகாரி இருக்கிறீர்களா?

உசிலைச்சீமை:
அண்ணே, இது வாழ்த்துரை பற்றிய இழை. ஆனாலும் சொல்கிறேன். ரசீது நகலோடு ஊராட்சிச் செயலரிடமும், வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை மதுரை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். கிராம சபையில் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள், அதற்கு எடை உண்டு.

பேரையூர்_கரிசல்:
பள்ளம் தோண்டியவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பக்கம் கரிசல் மண். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் ஊதிக்கொள்ளும். குழாயைச் சும்மா புதைத்தால் மண் இழுத்து ஜாயிண்டைப் பிடுங்கிவிடும். பெரிய தெருவில் ஜே.சி.பி. தோண்டும். சந்துக்குள் கடப்பாரையும் மம்பட்டியும்தான். ஒரு மீட்டர் ஆழம் வேண்டும் என்பார்கள். கீழே சுக்கான் பாறை வந்துவிட்டால் அரை மீட்டரிலேயே மூடிவிட்டுப் போகிற ஒப்பந்தக்காரர்கள் உண்டு. அப்புறம் டிராக்டர் ஏறினால் போயிற்று. உங்கள் ஊரில் எப்படி?

உசிலைச்சீமை:
எங்களுக்கும் பாதி ஊர் கரிசல்தான். தோண்டியவர்கள் வெளி மாவட்டத்திலிருந்து வந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டித் தங்கியவர்கள். ஆணும் பெண்ணுமாக. பாறை வந்த இடத்தில் உளி வைத்து உடைத்துத்தான் இறக்கினார்கள். அடியில் மணல் பரப்பிக் குழாயை வைத்து, மேலேயும் கல் படாமல் மணல் போட்டுத்தான் மண்ணை மூடினார்கள். அதை அக்கா தினமும் வந்து பார்த்தார். கையில் ஒரு மீட்டருக்கு அடையாளம் போட்ட மூங்கில் குச்சி வைத்திருப்பார். "வீட்டுக்காரர்தான் எல்லாம் பார்க்கிறார்" என்று வெளியூரில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பள்ளத்தில் குச்சியை விட்டுப் பார்த்தது அக்கா. நான் கண்ணால் பார்த்தவன்.

வேலை முடிந்ததும் அவர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு இரண்டு பேர் பெயர்தான் தெரியும். அதுதான் உறுத்துகிறது.

பழைய_பிட்டர்:
ஒப்பந்தக்காரரிடம் கூலிப் பட்டியல் இருக்கும், கேட்டு வாங்குங்கள். கங்காணி எண் இருந்தால் இன்னும் நல்லது.

குழாய் ஒட்டியதைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள். வெளியே இருந்து பார்த்தால் பேஸ்ட் தடவிச் சொருகுவது மாதிரித்தான் தெரியும். குழாயை நேராக அறுக்க வேண்டும், பிசிறு எடுக்க வேண்டும், துடைக்க வேண்டும், எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று கோடு போட வேண்டும், தடவியதும் சொருகி அசையாமல் பிடித்திருக்க வேண்டும். ஆடிக் காற்றில் உங்கள் பக்கம் புழுதி பறக்கும், பேஸ்டில் ஒரு மணல் ஒட்டினாலும் அந்த வழியில் கசியும். சீக்கிரம் காய்ந்தும் போகும். அந்த மாதத்தில் வேலை செய்தார்களா?

உசிலைச்சீமை:
ஆடியில்தான் ஐயா. பிட்டர் பையன்கள் சாக்கை மறைப்பாகக் கட்டி, ஒருவன் பிடிக்க ஒருவன் ஒட்டினான். ஜாயிண்டை மட்டும் மூடாமல் விட்டு மறுநாள் தண்ணீர் ஏற்றி அழுத்தச் சோதனை செய்தார்கள். முதல் முறை கேஜ் முள் மெதுவாக இறங்கியது. எந்த ஜாயிண்ட் என்று தெரியவில்லை. ஒரு பையன் குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே போய், ஈரம் பட்ட இடத்தைக் கண்டுபிடித்தான். அறுத்துவிட்டுக் கப்ளிங் போட்டு மறுபடி ஒட்டினார்கள். அதற்கப்புறம் முள் நின்ற இடத்திலேயே நின்றது.

தேனூர்_செல்வி:
நான் எங்கள் ஊர் மகளிர் குழுவில் இருக்கிறேன். இந்தத் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்தார்கள், நானும் ஒருத்தி. உங்கள் ஊர்ப் பெண்களையும் கட்டாயம் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கிற மருந்தைச் சொட்டு விட்டு நிறம் பார்ப்பதுதான் வேலை, ஆனால் எந்த வீட்டில் எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டேங்கிற்குப் பக்கத்து வீட்டில் எடுத்தால் குளோரின் நன்றாகவே காட்டும். கடைசி வீட்டில் எடுக்க வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருந்தால்தான் வழியில் அழுக்குச் சேரவில்லை என்று நம்பலாம். மஞ்சள் நிறமே வராவிட்டால் இரண்டில் ஒன்று. பிளீச்சிங் சரியாகப் போடவில்லை, இல்லையென்றால் எங்கோ உடைப்பில் சாக்கடை கலக்கிறது.

எங்கள் ஊரில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்புக்கு மேல் காட்டியது. எழுதிக் கொடுத்தோம். ஆற்றுத் தண்ணீரைக் கலந்து விடுகிறோம் என்றார்கள். கலந்த தண்ணீரை இன்னும் நாங்கள் சோதிக்கவில்லை. பெட்டியில் மருந்து தீர்ந்துவிட்டது, கேட்டிருக்கிறோம்.

உசிலைச்சீமை:
நன்றி அக்கா. எங்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் தண்ணீரும் போர் தண்ணீரும் சேர்ந்தே வருகிறது. குழுப் பெண்கள் மேட்டுத் தெருக் கடைசி வீட்டில்தான் எடுத்தார்கள். முதல் தடவை நிறமே வரவில்லை. ஆபரேட்டரிடம் சொன்னபோது அவர் பிளீச்சிங் டப்பாவைத் திறந்து காட்டினார். பழையது, வீரியம் போய்விட்டது. புது மூட்டை வந்த பிறகு நிறம் வந்தது.

ஆபரேட்டர்_மகன்:
நான் இதைத் தாமதமாகப் பார்த்தேன். திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர். அப்பா இருபது வருடத்துக்கு மேல் டேங்க் ஆபரேட்டர். ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பிளீச்சிங் பவுடர் என்று கணக்கு, உங்கள் தொட்டிக்கு 120 கிராம். அதை நேராகத் தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்துத் தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் பொறுத்துத்தான் திறப்பார். அதற்காக நாலு மணிக்கு எழுந்திருப்பார். ஊரில் சாவு விழுந்தாலும், தீபாவளி என்றாலும் அதே நேரம். மாதம் 5-ம் தேதியும் 20-ம் தேதியும் தொட்டியைக் கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டியில் எழுத வேண்டும்.

எங்கள் தலைவர் ஒரு தடவை அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். அப்பா சந்தோஷப்பட்டார். ஆனால் அவர் கேட்டது வேறு. ஏணியில் சுற்றுக் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடக்கிறது. உள்ளே இறங்கும்போது மேலே ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று பல தடவை கேட்டார். இப்போது நான் லீவு போட்டு நிற்கிறேன். உங்கள் வாழ்த்துரையில் ஆபரேட்டரைச் சொல்லுங்கள், அந்த இடத்திலேயே ஏணியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். சபையில் சொன்னால் எழுதித்தான் ஆக வேண்டும்.

உசிலைச்சீமை:
தம்பி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். நேற்று எங்கள் ஏணியைப் போய்ப் பார்த்தேன். நடுவில் இரண்டு படி ஆடுகிறது. தீர்மானமாகவே வைக்கிறோம். அக்காவிடம் பேசிவிட்டேன், சரி என்றார்.

எழுதி வைத்திருப்பது இது. பார்த்துச் சொல்லுங்கள்:

"தலைவர் அவர்களே, மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் குடம் நிறையும் வரை தீர்மானத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றீர்கள். ஒரு மீட்டர் குச்சியோடு பள்ளத்தோரம் நடந்தீர்கள். அதற்காக இந்த ஊர் உங்களை வாழ்த்துகிறது. உங்களோடு சேர்த்து இவர்களையும் வாழ்த்துகிறது. சுக்கான் பாறையை உளியால் உடைத்துக் குழாய் இறக்கியவர்கள். ஆடிக் காற்றில் சாக்கு மறைப்புக்குள் குழாய் ஒட்டியவர்கள். ஈரத்தைக் கையால் தடவிக் கசிவைக் கண்டுபிடித்த பையன். டியூப் பிடித்து மட்டம் பார்த்துச் சொன்ன கொத்தனாரும் அவர் மகனும். கடைசி வீட்டில் தண்ணீர் எடுத்து, நிறம் வரவில்லை என்று பயப்படாமல் சொன்ன ஐந்து பெண்கள். விடியுமுன் பிளீச்சிங் கரைத்து, மேட்டுத் தெருவுக்கு முதலில் திறந்து விடுகிற ஆபரேட்டர்." இதற்குப் பிறகு பெயர்கள்.

பழைய_பிட்டர்:
நன்றாக இருக்கிறது. ஆபரேட்டரிடம் ஒன்று சொல்லுங்கள். புது வால்வைச் சட்டென்று மூடக் கூடாது. ஓடுகிற தண்ணீர் அடித்துத் திரும்பினால் ஜாயிண்ட் விடும். ஒவ்வொரு சுற்றாக, மெதுவாக. எத்தனை சுற்றில் முழுவதும் திறக்கிறது என்று வால்வுப் பெட்டி மூடியின் உட்புறம் பெயிண்டில் எழுதி வைக்கட்டும். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் வேறு ஆள் திறக்க வேண்டி வரும்.

இன்னொன்று, கீழத் தெருவில் யாராவது குழாயில் நேராக மோட்டார் மாட்டுகிறார்களா?

உசிலைச்சீமை:
மூன்று வீட்டில் மாட்டியிருந்தார்கள். இரண்டு வீட்டில் கழற்றிவிட்டார்கள். ஒரு வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது.

கல்லுப்பட்டி_ராசா:
முதலில் கேள்வி கேட்டவன் நான். உங்கள் தலைவருக்கு என் வாழ்த்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொட்டியில் கல்வெட்டு வைப்பீர்கள் இல்லையா, அதில் இந்த வேலையாட்கள் பெயரும் வருமா? தலைவர், ஒன்றியம், எம்.எல்.ஏ. பெயரோடு முடித்துவிடுவார்களே.

உசிலைச்சீமை:
அதுதான் முடிவாகவில்லை அண்ணே. அரசுத் திட்டக் கல்வெட்டில் வேறு பெயர் சேர்க்க முடியாது என்கிறார் செயலர். வால்வு வைத்தது ஊராட்சிப் பணம், அந்த வால்வுப் பெட்டியில் தனியாக ஒரு கல் வைக்கலாம் என்கிறார்கள் வார்டு உறுப்பினர்கள். ஆபரேட்டர் தன் பெயர் கல்லில் வேண்டாம் என்கிறார். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கிராம சபையில் பேசிக்கொள்கிறோம்.

கூலிப் பட்டியல் நாளைக்குத் தருகிறேன் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருக்கிறார். கங்காணி எண் கிடைத்துவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து பேசுகிறேன் என்றார்.